காலத் தாளா, உறுப்புத் தாளா, வரை அட்டையா? கட்டிடக்கலை வரலாற்றுத் திருப்புதலுக்கு எதை எடுப்பது

கட்டிடக்கலை வரலாற்றுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களிடம் மூன்று வகைத் திருப்புதல் தாள்கள் உண்டு. முதலாவது காலத் தாள். பல்லவர், சோழர், பாண்டியர், விஜயநகரம், நாயக்கர் என்று ஒரு காலத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் அம்சங்கள், கட்டுமானப் பொருள், மாதிரிக் கட்டிடங்கள் என மூன்று கட்டம் போட்டு நிரப்புவது. இரண்டாவது உறுப்புத் தாள். பொதிகை, கூடு, விமானம், கோபுரம் என்று ஒரு உறுப்பை எடுத்து, அது ஐந்து காலத்திலும் எப்படி மாறியது என்று ஒரே பக்கத்தில் எழுதுவது. மூன்றாவது வரை அட்டை. முன்பக்கம் ஒரு சிறிய கோட்டோவியம், பின்பக்கம் நாலு வரி.

ராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கத்திலிருந்து கட்டிடக்கலை படிக்கப் போகிற பிள்ளைகள் விடுமுறைக்கு ஊர் வரும்போது என்னிடம் கேட்கிற கேள்வி, மூன்றில் எதைச் செய்வது என்பதுதான். மூன்றையும் முழுதாகச் செய்ய யாருக்கும் நேரம் இருக்காது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பாக உறுப்புத் தாளை வையுங்கள். அதிலிருந்து மட்டும் அட்டை போடுங்கள். காலத் தாளைக் கடைசியில், எதையும் பார்க்காமல், வெறும் தாளில் எழுதிப் பாருங்கள். ஏன் இந்த வரிசை என்பதை நம் கடற்கரையிலேயே இருக்கிற கட்டிடங்களை வைத்துச் சொல்ல முடியும். இங்கே மூன்று தாள்களின் பலமும் பலவீனமும் வெளிப்படையாகத் தெரியும்.

காலத் தாள் எங்கே உதவும், எங்கே காலை வாரும்

காலத் தாள் செய்வது சுலபம், பாடப் புத்தகத்தின் அத்தியாய வரிசையும் அதுதான். "சோழர் காலக் கட்டிடக்கலையை விவரி" என்று பதினைந்து மதிப்பெண் கேள்வி வந்தால் அந்தப் பக்கத்தை அப்படியே இறக்கிவிடலாம். அரசர் பெயர், ஆண்டு, கட்டிடம் மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நினைவுக்கு வரும். தஞ்சைப் பெரிய கோயில், முதலாம் இராசராசன், 1010 என்பது ஒரே மூச்சில் வந்து விழும்.

சிக்கல் "மாதிரிக் கட்டிடங்கள்" என்ற கட்டத்தில் தொடங்குகிறது. ஒரு கட்டிடம் ஒரு காலத்துக்கு உரியது என்று அந்தக் கட்டம் நினைக்க வைக்கிறது. இராமேசுவரம் கோயிலை எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்? உள்ளே போகப் போகக் கட்டுமானம் பழையதாகிக்கொண்டே போகிறது. உலகமே பேசுகிற வெளிப்புற மூன்றாம் பிரகாரம் 18-ஆம் நூற்றாண்டில், முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்தது. கிழக்குக் கோபுரமோ 17-ஆம் நூற்றாண்டில் தொடங்கி, நெடுங்காலம் குறையாக நின்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தேவகோட்டை நகரத்தார் குடும்பம் ஒன்றால் முடிக்கப்பட்டது. காலத் தாளில் இதை "நாயக்கர்" பக்கத்தில் ஒரு வரியாகப் போட்டுவிட்டால், "இந்தப் பிரகாரத்தைக் கட்டியவர் யார்?" என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு "மதுரை நாயக்கர்" என்று எழுதிவிட்டு வருவார்கள். கட்டியவர்கள் சேதுபதிகள். கட்டிய பாணிதான் நாயக்கர் காலத்துப் பாணி. சேதுபதிகள் மதுரை நாயக்கர்களுக்குக் கீழ் இருந்து, கிழவன் சேதுபதி காலத்தில் தனியாட்சி ஆனவர்கள் என்பதை எழுத காலத் தாளில் இடமே இல்லை.

இதற்கு ஒரு எளிய திருத்தம் உண்டு. "மாதிரிக் கட்டிடங்கள்" என்பதை அழித்துவிட்டு "கட்டிடத்தின் எந்தப் பகுதி" என்று எழுதுங்கள். இராமேசுவரம் என்று எழுதக்கூடாது; இராமேசுவரம் மூன்றாம் பிரகாரம் என்று எழுத வேண்டும். இந்த ஒரு மாற்றத்தாலேயே காலத் தாளின் தவறுகளில் பெரும்பகுதி போய்விடும்.

கட்டுமானப் பொருள் என்ற கட்டம்

மூன்று கட்டங்களில் மாணவர்கள் அசட்டையாக நிரப்புவது இதைத்தான். "கருங்கல்" என்று ஐந்து பக்கத்திலும் எழுதி வைத்திருப்பார்கள். ஐந்து பக்கத்திலும் ஒரே சொல் இருந்தால் அது ஒப்பீடே ஆகாது.

பொருளை மூன்றாகப் பிரித்து எழுதினால்தான் கட்டம் பேசும்: அடியும் சுவரும் எதனால், மேல்கட்டு எதனால், மேற்பூச்சு என்ன. இப்படிப் பிரித்ததும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இக்கோயிலைச் செய்வித்தேன் என்று கல்வெட்டிலேயே சொல்கிறான். அங்கே மூன்று வரியும் ஒன்றுதான், குடைந்த பாறை. காஞ்சி கைலாசநாதரில் அடியில் கருங்கல், மேலே மணற்கல் என்று பிரிகிறது. தஞ்சையில் அடி முதல் உச்சி வரை கருங்கல். நாயக்கர் காலத்துக் கோபுரங்களில் அடித்தளம் மட்டும் கருங்கல், அதற்கு மேல் நிலை நிலையாகச் செங்கல்லும் சுண்ணாம்பும், அதன் மேல் சுதைச் சிற்பமும் வண்ணமும். கோபுரம் அவ்வளவு உயரம் போகவும், உடம்பெல்லாம் பொம்மை நிறையவும் இந்தச் செங்கல்-சுதைக் கட்டுமானம் ஒரு முக்கியக் காரணம். செங்கல் கல்லைவிட எடை குறைவு, சுதையைக் கையால் உருட்டி உருவம் செய்துவிடலாம். பொருளும் அம்சமும் இப்படிக் காரணத்தோடு இணைந்தால் இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

நம் கடற்கரையில் இந்தக் கட்டம் இன்னொன்றையும் கற்றுத் தருகிறது. பொருள் எப்போதும் காலத்தைக் காட்டாது, சில நேரம் இடத்தை மட்டுமே காட்டும். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு நிற்கிற தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சுவர்க் கல்லின் முகத்தில் வளைந்து வளைந்து ஓடும் நெருக்கமான வரிகளும் சிறு துளைகளும் இருக்கும். அது பவளப்பாறைக் கல். மணல்மேட்டில் கருங்கல் கிடைக்காது, கடலில் பவளம் கிடைத்தது, எடுத்துக் கட்டினார்கள். அதே தீவில் மூன்றாம் பிரகாரத்தின் தூண்களுக்குக் கருங்கல்லை வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு தீவு, இரண்டு பொருள். இதில் காலத்தைவிட, செலவழிக்க யாருக்கு வலு இருந்தது என்பதே அதிகம் தெரிகிறது. ஆகவே "பவளக் கல் இருக்கிறது, அப்படியானால் இன்ன நூற்றாண்டு" என்று எழுதத் துணியாதீர்கள். பொருள் கட்டத்துக்குப் பக்கத்தில் "அருகில் கிடைத்ததா, கொண்டுவந்ததா" என்று ஒரு சொல் எழுதி வைத்தால் போதும்.

உறுப்புத் தாள்: பொதிகையை வைத்து ஒரு முழு உதாரணம்

புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ராய் என்ற பிரெஞ்சுக்காரர் 1914-இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டுக் கோயில் கட்டிடங்களின் காலத்தை உறுப்புகளின் வடிவத்தை வைத்துப் பிரித்தார். கல்வெட்டு இல்லாத கட்டிடத்துக்கும் காலம் சொல்ல முடிய வேண்டும் என்பது நோக்கம். பல்லவர் 600 முதல் 850 வரை, சோழர் 1100 வரை, பாண்டியர் 1350 வரை, விஜயநகரம் 1600 வரை, அதற்குப் பின் மதுரைப் பாணி என்று ஐந்து அடுக்கு. நாம் செய்யப்போகிற உறுப்புத் தாளுக்கு இதுதான் அடிப்படை. இந்த ஐந்தில் பாண்டியருக்குத் தனி அடுக்கு இருப்பது நம் பக்கத்து மாணவர்களுக்கு முக்கியம். பல தாள்களில் சோழரிலிருந்து நேராக விஜயநகரத்துக்குத் தாவிவிடுவார்கள். இந்தக் கடற்கரை நெடுங்காலம் பாண்டிய நாடு.

எந்த உறுப்பை முதலில் எடுப்பது? பொதிகையை எடுங்கள். தூணின் தலைக்கும் மேலே வரும் உத்திரத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் நிற்கிற கல் அது. உத்திரத்தின் சுமையைத் தாங்கித் தூணுக்கு இறக்குவது அதன் வேலை. எல்லாக் காலத்திலும் இருக்கிறது, எல்லாக் கோயிலிலும் இருக்கிறது, கண் உயரத்துக்குச் சற்று மேலே இருப்பதால் பார்க்கவும் முடிகிறது. சுமை தாங்கும் வேலை மாறவே இல்லை, வடிவம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால்தான் அது காலத்தை நன்றாகக் காட்டுகிறது.

தாள் இப்படி இருக்கும்:

| காலம் | பக்கவாட்டில் பொதிகை | எங்கே பார்க்கலாம் |
|---|---|---|
| பல்லவர் | கீழ்முகம் வளைவு. பல இடங்களில் அலை அலையாக வரிகள், நடுவில் ஒரு பட்டை | மகேந்திரவர்மன் காலக் குடைவரைகள் |
| சோழர் | தொடக்கத்தில் அதே வளைவு. பிறகு சாய்வாக வெட்டிய முகம், நடுவில் முன்தள்ளிய சிறு கட்டை | தஞ்சைப் பெரிய கோயில் |
| பிற்காலப் பாண்டியர் | அந்தக் கட்டை நீண்டு அலங்காரம் பெறத் தொடங்குகிறது | 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் திருப்பணிகள் |
| விஜயநகரம் | கட்டையின் நுனி கீழ்நோக்கி வளைந்து பூமொட்டு ஆகிறது | வேலூர்க் கோட்டைக் கோயில் கல்யாண மண்டபம் |
| நாயக்கர், சேதுபதி | மொட்டு தண்டோடு தனியாகத் தொங்குகிறது, இதழ்கள் விரிகின்றன | மதுரை புதுமண்டபம் |

அலை வரி கொண்டதைத் தரங்கப் பொதிகை என்றும், சாய்வாக வெட்டியதை வெட்டுப் பொதிகை என்றும், மொட்டு உள்ளதைப் பூமொட்டுப் பொதிகை என்றும் தொல்லியல்காரர்கள் சொல்வார்கள். தேர்வில் இந்தப் பெயர்களை எழுதினால் நல்லது, ஆனால் பெயரைவிடக் கோடு முக்கியம்.

இந்தத் தாளின் பலம் என்னவென்றால், ஐந்து வரியையும் மேலிருந்து கீழே படித்தால் அது ஒரு கதை. வளைவு நேர்வெட்டாகிறது, வெட்டில் ஒரு கட்டை முளைக்கிறது, கட்டை நீள்கிறது, வளைகிறது, மொட்டாகிறது, மொட்டு தொங்குகிறது. நடுவில் ஒரு படி மறந்துபோனாலும் முன்னும் பின்னும் இருப்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். காலத் தாளில் ஒரு வரி மறந்தால் மறந்ததுதான், மீட்க வழி கிடையாது.

இதன் வரம்பையும் தாளின் அடியிலேயே எழுதி வையுங்கள். பொதிகை ஒரு பக்கத்து எல்லையை மட்டுமே சொல்லும். பூமொட்டு தொங்கினால், அந்தத் தூண் விஜயநகர காலத்துக்கு முன்னால் இருக்க முடியாது என்று சொல்லலாம். எவ்வளவு பிந்தியது என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் ஸ்தபதிகள் பூமொட்டுப் பொதிகை செதுக்குகிறார்கள். திருப்பணியில் பழைய மண்டபத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருக்கலாம், பழைய தூணை எடுத்துவந்து புதிய மண்டபத்தில் நட்டிருக்கலாம். அதனால் ஒரே ஒரு தூணைப் பார்த்துவிட்டு முடிவு சொல்லாமல், வரிசையில் நாலைந்து தூண்களைப் பார்க்க வேண்டும். அவை ஒத்துப்போகாவிட்டால் அங்கே திருப்பணி நடந்திருக்கிறது என்று பொருள். அதையும் விடையில் எழுதலாம், மதிப்பெண் கிடைக்கும்.

கீழக்கரைப் பள்ளிவாசல் எந்தக் கட்டத்தில்?

கீழக்கரையிலிருந்து வந்த ஒரு தம்பி, தாளை நிரப்பிக்கொண்டிருக்கும்போது கேட்டான்: "அக்கா, எங்க ஊர் ஜும்மா பள்ளித் தூணையும் இதுல சேர்க்கலாமா? எந்தக் காலம்னு போடுறது?"

"எந்தக் காலம்னு இப்ப எழுதாதே தம்பி. முதல்ல பொதிகையை மட்டும் வரைஞ்சிட்டு வா. அப்புறம் பேசுவோம்" என்றேன்.

அவன் வரைந்து வந்ததில் மொட்டு தெளிவாக இருந்தது. உருவங்கள் எதுவும் இல்லை, பூவும் கொடியும் கட்டக்கோலமும் மட்டும். தாளில் விஜயநகர வரிக்கும் நாயக்கர் வரிக்கும் பக்கத்தில் வைத்ததும் அது எங்கே சேரும் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. கிழவன் சேதுபதி காலத்தவரான வள்ளல் சீதக்காதியின் பெயரோடு, 17-ஆம் நூற்றாண்டோடு இந்தப் பள்ளிவாசலைச் சேர்த்துச் சொல்வார்கள். பொதிகையும் அதைத்தான் சொல்கிறது.

இதே கட்டிடத்தைக் காலத் தாளில் எழுதப் போனால் என்ன ஆகும்? பாடத்திட்டத்தில் "இஸ்லாமியக் கட்டிடக்கலை" என்று தனி அத்தியாயம் இருக்கும். அம்சங்கள் என்ற கட்டத்தில் குவிமாடம், கூர்வளைவு, மினார் என்று எழுதியிருக்கும். பொருள் என்ற கட்டத்தில் செம்மணற்கல், பளிங்கு. அவை டில்லிக்கும் ஆக்ராவுக்கும் பொருந்தும். கீழக்கரையின் பழைய கல் மண்டபத்தில் இருப்பது தூண் வரிசை, பொதிகை, உத்திரம், தட்டையான கல் கூரை. வழிபாடு மாறியிருக்கிறது, உருவச் சிற்பம் விலகியிருக்கிறது, கட்டும் முறை இந்த மண்ணின் கல்தச்சர்களுடையது. மத வாரியாகவோ அரச மரபு வாரியாகவோ பக்கம் பிரித்த தாளில் இந்தக் கட்டிடம் எந்தப் பக்கத்திலும் ஒட்டாது. உறுப்பு வாரியான தாளில் நேராகப் போய் உட்காருகிறது. இந்த ஒன்றுக்காகவே நம் கரையில் படிக்கிறவர்கள் உறுப்புத் தாளை முதலில் எடுக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். தங்கள் ஊர்க் கட்டிடத்துக்கு இடமில்லாத தாளை வைத்துக்கொண்டு எதற்காகப் படிப்பது?

ராமநாதபுரம் இராமலிங்க விலாசமும் இப்படித்தான். கிழவன் சேதுபதி காலத்து அரண்மனை, கனத்த சுவர், உள்ளே தூண் மண்டபம், சுவரெல்லாம் ஓவியம். கோயில் பக்கத்திலும் சேராது, முகலாய அரண்மனைப் பக்கத்திலும் சேராது. மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவார்கள். "கோயில் அல்லாத கட்டிடம்" என்று உறுப்புத் தாளில் ஒரு வரி சேர்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

வரை அட்டை: எப்படிப் போட்டால் பயன், எப்படிப் போட்டால் வீண்

படத்தைக் காட்டி "இது என்ன, எந்தக் காலம்?" என்று கேட்கிற கேள்விக்கு அட்டையைப் போல வேறு எதுவும் உதவாது. தாள் படிப்பவருக்குச் சொல் நினைவிருக்கும், படத்தைப் பார்த்ததும் சொல் வராது. அட்டை போடுகிறவருக்குப் படத்திலிருந்து சொல்லுக்குப் போகிற பாதை பழகியிருக்கும்.

ஆனால் அட்டையில்தான் நேரம் அதிகம் வீணாகும். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை நிழல் போட்டு வரைவார்கள். அழகாக இருக்கும், சுவரில் மாட்டலாம். தேர்வில் எட்டு நிமிடத்தில் அதில் எதை வரைவது? அட்டையில் ஒரு உறுப்பு மட்டும் இருக்க வேண்டும், இரண்டு நிமிடத்தில் வரைந்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

செய்முறை இதுதான். ஏ4 அளவுள்ள தடித்த வெள்ளைத் தாளை நாலாக வெட்டினால் நாலு அட்டை. ஐந்து காலம், நாலு உறுப்பு என்று வைத்தால் இருபது அட்டை, ஐந்து தாள் போதும். பொதிகைக்கான ஐந்து அட்டையையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்திலும் ஒரே இடத்தில், ஒரே அகலத்தில் தூணின் தலையையும் மேலே உத்திரத்தின் கோட்டையும் பென்சிலால் போடுங்கள். அப்புறம் நடுவில் பொதிகையை மட்டும் பேனாவால் வரையுங்கள். முந்தின அட்டையிலிருந்து எது மாறியதோ அந்த ஒரு கோட்டை மட்டும் சிவப்பில் போடுங்கள். பல்லவர் அட்டையில் வளைவு சிவப்பு, சோழர் அட்டையில் சாய்வு வெட்டு சிவப்பு, பாண்டியர் அட்டையில் நீளும் கட்டை, விஜயநகரத்தில் வளைந்த நுனி, நாயக்கரில் தொங்குகிற தண்டு. நிழல் வேண்டாம், சிற்ப அலங்காரம் வேண்டாம். முன்பக்கத்தில் எழுத்தே இருக்கக்கூடாது.

பின்பக்கத்தில் நாலு வரி: காலம், ஆண்டு எல்லை, ஒரே ஒரு இடம், ஒரு விலக்கு. விலக்கு என்பது "இது இருந்தும் காலம் வேறாக இருக்கலாம், ஏன்" என்ற வரி. நாயக்கர் அட்டையின் பின்னால் "இன்றும் செதுக்குகிறார்கள், பின் எல்லை இல்லை" என்று எழுதுங்கள். பெரும்பாலோர் விடுகிற வரி இது, விடையைத் தூக்கி நிறுத்துகிற வரியும் இதுதான்.

கோயிலில் நேரில் பார்த்து வரைவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தூணுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பொதிகை குறுகித் தெரியும், எல்லாக் காலத்துப் பொதிகையும் ஒரே மாதிரி இருக்கும். தூண் வரிசைக்குப் பக்கவாட்டில், சில அடி தள்ளி நின்று, உத்திரம் ஓடுகிற திசைக்குக் குறுக்கே பார்க்க வேண்டும். அப்போதுதான் பொதிகையின் பக்கத்தோற்றம் முழுதாகத் தெரியும். மூன்றாம் பிரகாரத்தில் தூண்கள் ஓரத் திண்ணைகளின் மேல் வரிசையாக நிற்பதால், நடைபாதையின் எதிர்ப்பக்கம் போய் நின்றால் போதும். கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. அது அட்டை போடுகிறவருக்கு ஒரு வகையில் நல்லது. நன்றாகப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைய வேண்டியிருக்கும். வரைய முடியாத கோடு எதுவோ அதைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். மறுமுறை போகும்போது அதை மட்டும் பார்த்துவிட்டு வரலாம்.

அட்டை வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐந்தையும் கலைத்துவிட்டு வரிசைப்படுத்துவது முதல் சோதனை. அது சுலபம், இரண்டு நாளில் வந்துவிடும். உண்மையான சோதனை, அட்டையில் இல்லாத ஒரு கோயிலின் தூண் படத்தைக் காட்டிக் கேட்பது. அதற்கும் பதில் வந்தால் உறுப்பைப் படித்திருக்கிறீர்கள். தடுமாறினால் அட்டையை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறீர்கள். நண்பர்கள் இருவர் மாற்றி மாற்றிப் படம் காட்டிக்கொள்வது இதற்கு வசதி.

ஒரு கேள்வி, மூன்று தாள்கள்

"தஞ்சைப் பெரிய கோயிலையும் இராமேசுவரம் மூன்றாம் பிரகாரத்தையும் படத்துடன் ஒப்பிடுக." இப்படி ஒரு கேள்வி வந்தால் மூன்று தாளும் என்ன தரும்?

காலத் தாள் மட்டும் படித்தவர் முதல் பாதியில் தஞ்சையைப் பற்றி எழுதுவார், இரண்டாம் பாதியில் இராமேசுவரத்தைப் பற்றி எழுதுவார். தஞ்சையில் கருவறை மேல் 200 அடிக்கும் மேல் எழுகிற விமானம், இராசராசன், 1010. இராமேசுவரத்தில் நீண்ட பிரகாரம், 1212 தூண்கள் என்ற புகழ்பெற்ற எண், சேதுபதிகள். எல்லாம் சரி. ஆனால் இரண்டு தனித்தனி விவரணைகள்தான் இருக்கும், கேட்ட ஒப்பீடு இருக்காது.

உறுப்புத் தாள் படித்தவர் "கோயிலின் உயரமான பகுதி எது" என்ற வரியிலிருந்து தொடங்குவார். தஞ்சையில் விமானம் உயரம், வாயில் கோபுரங்கள் அதைவிடத் தாழ்வு. பிற்காலத்தில் நிலைமை தலைகீழ். விமானம் உள்ளே சிறியதாக அடங்கிவிடுகிறது, கோபுரமும் பிரகாரமும் மண்டபமும் வெளிநோக்கி வளர்கின்றன. பழைய கருவறையைத் தொடாமல் கோயிலைப் பெரிதாக்க வேண்டுமென்றால் சுற்றிச் சுற்றித்தான் கட்ட முடியும், திருவிழாக் கூட்டத்துக்கும் உலாவுக்கும் இடம் வேண்டும். தஞ்சையில் ஒரே அரசர் ஒரே திட்டத்தில் நட்டநடுவில் உயரத்தை வைக்க முடிந்தது. இராமேசுவரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தவர்கள் நீளத்தைச் சேர்த்தார்கள். அடுத்த வரி பொருள், அதற்கடுத்து பொதிகை. தஞ்சைக்கு வெட்டுப் பொதிகை, இராமேசுவரத்தின் பாணிக்குப் பூமொட்டு. ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு கட்டிடமும் வரும்.

அட்டை போட்டவருக்கு அந்த விடைக்கு வேண்டிய படங்கள் கைவசம் இருக்கும். இரண்டு பொதிகையின் பக்கத்தோற்றம், பக்கத்தில் பக்கத்தில். அப்புறம் ஒரு எளிய வெட்டுத்தோற்றம்: நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்கிற கோடு தஞ்சைக்கு, நடுவில் தாழ்ந்து ஓரத்தில் கோபுரமாக எழுகிற கோடு பிற்காலக் கோயிலுக்கு. ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்த இரண்டு படங்கள் ஒரு பக்க எழுத்துக்குச் சமம். ஆனால் அட்டை மட்டும் போட்டவருக்கு, ஏன் இப்படி மாறியது என்று எழுத வார்த்தை இருக்காது. காரணம் உறுப்புத் தாளில்தான் இருக்கிறது.

யாருக்கு எது

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கிறதென்றால் பொதிகை, தூண், விமானமும் கோபுரமும், பொருள் என்று நாலு உறுப்புத் தாள்களை முதல் இரண்டு வாரத்தில் செய்யுங்கள். தாள் முடிந்த அன்றே அதற்கான ஐந்து அட்டையையும் போட்டுவிடுங்கள், தள்ளிப் போட்டால் வரிசை மறந்துபோகும். மூன்றாம் வாரம் அட்டை மட்டும். கடைசி வாரம் காலத் தாளை ஒவ்வொன்றாக, பார்க்காமல் எழுதி, விட்டுப்போன இடத்தை உறுப்புத் தாளிலிருந்து நிரப்புங்கள்.

பத்து நாள்தான் இருக்கிறதென்றால் தூணை விட்டுவிடலாம். பொதிகைக்கு ஒன்று, விமானம்-கோபுரத்துக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என மூன்று தாள் போதும். அட்டை பொதிகைக்கு மட்டும் போடுங்கள். அரசர் பெயர், ஆண்டுகளுக்கு நண்பரின் காலத் தாளை வாங்கிப் படித்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. உறுப்புத் தாளை மட்டும் இரவல் வாங்காதீர்கள், அது நீங்களே செய்தால்தான் நிற்கும்.

வரைவது வராது என்று தயங்குகிறவர்கள் அட்டையைக் கைவிட வேண்டாம். கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளில், தூண் நாலு கட்ட அகலம், பொதிகை பத்துக் கட்ட அகலம், ஒவ்வொரு பக்கமும் மூன்று கட்டம் வெளியே என்று அளவு வைத்துக்கொண்டு வரையுங்கள். வளைவு, வெட்டு, மொட்டு மூன்றும் கட்டத்தைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், அதாவது படம் வரையத் தேவையில்லாத ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு மட்டும் தயாராகிறவர்கள், வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அவர்களுக்குக் காலத் தாள் முதலில், பொருளைப் பிரித்த தாள் அடுத்து, அட்டை தேவையில்லை. ஆனால் அவர்களும் மாதிரிக் கட்டிடம் என்ற கட்டத்தில் பகுதியின் பெயரையும் கட்டியவர் பெயரையும் தனித்தனியாக எழுத வேண்டும். "பாணி: நாயக்கர் காலம். கட்டியவர்: சேதுபதி."